வேகமாக வளரும் பையனின் முழங்கால்: எத்தனை முறை குதிக்கலாம்?

"வணக்கம் சார். என் மகனுக்கு 13 வயது 4 மாதம், ஒன்பதாம் வகுப்பு, பள்ளி வாலிபால் அணியில் ஸ்பைக்கர். போன ஜூலையில் 147 செ.மீ. இருந்தவன் இப்போது 156, என் உயரத்துக்கே வந்துவிட்டான். அவன் அப்பா 172. காலை 6 முதல் 7.30 வரை பள்ளியிலும் மாலை 5 முதல் 7 வரை கிளப்பிலும் வாரம் ஆறு நாள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மேட்ச். இரண்டு மாதமாக முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கிறது, வலது காலில் அதிகம். வளர்ச்சி வலி, தானாகப் போய்விடும் என்கிறார் ஒருவர். ஆறு மாதம் மைதானத்தின் பக்கமே போகக்கூடாது என்கிறார் இன்னொருவர். இப்போது விட்டால் அணியில் இடம் போய்விடும் என்கிறார் பயிற்சியாளர். மாவட்டப் போட்டிக்கு எட்டு வாரம் இருக்கிறது. நிறுத்துவதா, தொடர்வதா?"

முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இப்போது போகும் அளவில் ஒரு வாரம்கூடத் தொடரக்கூடாது. குறைக்க வேண்டியது விளையாட்டை அல்ல, எம்பிக் குதிப்பதையும் தரையிறங்குவதையும். அதை எண்ணிக் குறைக்க வேண்டும், எண்ணித்தான் கூட்டவும் வேண்டும். எவ்வளவு என்பதை அவனுடைய வயதைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அவன் எந்த வேகத்தில் வளர்கிறான் என்பதைப் பார்த்துத்தான் செய்ய முடியும்.

பள்ளி வீரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்னும் தொல்லையாக இருக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, கணைக்கால் எலும்பின் முன்புறம் புடைத்திருக்கும் அந்த இடத்தையே தயங்காமல் தொட்டுக் காட்டினால், அங்கே அழுத்தினால் துள்ளினால், மாடிப்படி ஏறும்போதும் முட்டி போடும்போதும் குதிக்கும்போதும் வலி கூடினால், அதுதான்.

இதற்கு வளர்ச்சி வலி என்று பெயர் சொல்லி அனுப்புவது சரியில்லை. வளர்ச்சி வலி என்பது பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கு இரவில் வருவது. இரண்டு காலிலும் இன்ன இடம் என்று சொல்ல முடியாமல் வலிக்கும், தேய்த்துவிட்டால் அடங்கும், காலையில் ஓடி விளையாடுவார்கள். உங்கள் மகனுக்கு இருப்பது குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட வேலையால் வருகிற வலி. அது தானாகப் போகும் என்பது ஓரளவு உண்மைதான். எலும்பு வளர்ந்து முடிந்து அந்த இடம் இறுகியதும் பெரும்பாலோருக்குப் போய்விடும். ஆனால் அதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம். அதுவரை இதே சுமையைப் போட்டுக்கொண்டிருந்தால் வலியும் கூடவே இருக்கும்.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். தொடையின் முன்புறத் தசை சில்லைத் தாண்டி ஒரு கெட்டியான தசைநாணாகக் கீழே இறங்கி, கணைக்கால் எலும்பில் ஒட்டுகிறது. பெரியவர்களுக்கு அது எலும்போடு எலும்பாக இருக்கும். இந்த வயதில் அந்த ஒட்டுமிடம் இன்னும் குருத்தெலும்பு. உடம்பிலேயே இழுவைக்கு எளிதில் இளகிக் கொடுக்கும் இடங்களில் ஒன்று. காலின் உயரம் பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய இரண்டு வளர்ச்சித் தட்டுகளில்தான் கூடுகிறது, மேலே தொடையெலும்பின் கீழ் முனையிலும் கீழே கணைக்கால் எலும்பின் மேல் முனையிலும். எலும்பு முதலில் நீளும். தசையும் தசைநாணும் பின்னால்தான் வந்து சேரும். அந்த இடைவெளிக் காலத்தில் முன்தொடைத் தசை எப்போதும் விறைப்பாக இருக்கும், அது இழுப்பதெல்லாம் அந்தக் குருத்தெலும்பில்தான் வந்து விழும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தவனுக்கு எடையும் கூடியிருக்கும், காலின் நீளமும் கூடியிருக்கும். அதனால் போன வருடம் அவன் குதித்த அதே நூறு குதிப்பு இந்த வருடம் அதே சுமை அல்ல. ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் முழங்கால் தாங்க வேண்டியது அதிகம். பயிற்சியாளர் எதையும் கூட்டவில்லை என்று சொன்னால் அது பொய்யில்லை. அட்டவணை மாறாதபோதே சுமை கூடிவிட்டது. இந்த வயதில் பல காயங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

இனி வளர்ச்சி வேகத்தைக் கணக்கிடுவோம். ஒரு வருடத்தில் 9 செ.மீ. என்றால் வேகமான வளர்ச்சி. ஆண் பிள்ளைகளில் இந்த வேகம் சராசரியாக 14 வயதை ஒட்டியும் பெண் பிள்ளைகளில் 12 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வரும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட விலகலாம். உச்சம் வரும்போது பெரும்பாலோர் தங்கள் இறுதி உயரத்தில் சுமார் 91, 92 சதவீதத்தை எட்டியிருப்பார்கள். இறுதி உயரத்தைப் பெற்றோரின் உயரத்தை வைத்து ஏறக்குறைய கணிக்கலாம். பையனுக்கு, இருவர் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண்ணுக்கு 13ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கு: 172, 156, 13 மூன்றையும் கூட்டினால் 341, பாதி 170.5. மகனின் இப்போதைய 156 அதில் 91.5 சதவீதம். வளர்ச்சியின் உச்சியில், அல்லது அதற்கு மிக அருகில் நிற்கிறான்.

இந்தக் கணக்கு எட்டு, ஒன்பது செ.மீ. மேலும் கீழும் தவறலாம். நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பெற்றோர் சிறுவயதில் போதிய சாப்பாடில்லாமல் வளர்ந்திருந்தால் அவர்கள் எட்ட வேண்டிய உயரத்தை எட்டியிருக்க மாட்டார்கள், பிள்ளைகள் அவர்களைத் தாண்டிப் போவார்கள். அப்படியானால் உங்கள் மகன் 91 சதவீதத்தில் இல்லாமல் 88, 89இல்தான் இருக்கக்கூடும். உச்சம் இனிமேல்தான் வரும். எப்படிப் பார்த்தாலும் இறுதி உயரத்தில் 88க்கும் 95க்கும் இடைப்பட்ட சதவீதத்தில், வேகமாக வளர்ந்து காயம் கூடும் ஆபத்தான பகுதிக்குள்தான் இருக்கிறான். ஆகவே கணிப்பைவிட அளவை நம்புங்கள்.

மாதத்துக்கு ஒரு முறை, குறித்து வைத்த ஒரே தேதியில், காலையில் எழுந்தவுடன் அளந்துவிடுங்கள். மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி உயரம் ஒரு செ.மீ. வரை குறையும், ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மாலையிலும் அளந்தால் வளர்ச்சியே இல்லை என்று ஏமாந்துபோவீர்கள். செருப்பில்லாமல், குதிகாலும் பின்புறமும் தோளும் சுவரில் படும்படி நிற்கட்டும். கண்ணும் காதுத்துளையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், முகவாயைத் தூக்கவிடாதீர்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டையையோ மூலைமட்டத்தையோ சுவரோடு ஒட்டிவைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அவனை விலகச் சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தி இரண்டாம் முறையும் அளந்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். வீட்டில் எவ்வளவு கவனமாக அளந்தாலும் அரை செ.மீ. பிசகும். எனவே ஒரு மாத வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மூன்று மாத வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று மாதத்தில் 1.8 செ.மீ.க்கு மேல், அதாவது மாதம் 0.6 செ.மீ.க்கு மேல் போனால், அது சுமையைக் குறைக்க வேண்டிய காலம். இளம் கால்பந்து வீரர்களை ஆராய்ந்தவர்கள் காயம் கூடத் தொடங்குவதைக் கண்டதும் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். உங்கள் மகனுக்கு வருடக் கணக்கின்படியே மாதம் 0.75 வருகிறது, கடைசி மூன்று மாதத்தை மட்டும் எடுத்தால் இன்னும் அதிகமாகவே இருக்கலாம்.

இப்போது அவன் செய்யும் பயிற்சியைப் பார்ப்போம். காலை ஒன்றரை மணி நேரம் ஆறு நாளுக்கு 9 மணி, மாலை இரண்டு மணி நேரம் ஆறு நாளுக்கு 12 மணி. ஞாயிறு மேட்ச் சேராமலே 21 மணி நேரம். வாரத்தில் எத்தனை மணி நேரம் முறையான பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்பது இத்துறையில் பலரும் கைக்கொள்ளும் எளிய வரம்பு. அமெரிக்காவில் இளம் வீரர்களிடம் நடந்த ஆய்வில் அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான மிகைச்சுமைக் காயங்கள் கூடுதலாக இருந்தன. 13 வயதுக்கு 13 மணி. இவனுக்கு 21, விடுமுறை நாள் ஒன்றுகூட இல்லை. இங்கே நடப்பது வேறொன்றும் இல்லை: பள்ளிப் பயிற்சியாளர் ஒன்பது மணி நேரம்தானே என்று நினைக்கிறார், கிளப் பயிற்சியாளர் பன்னிரண்டு மணி நேரம்தானே என்று நினைக்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. இந்த முழங்காலுக்கு மணி நேரம் தெரியாது, குதிப்புதான் தெரியும். ஒரு நாள், காலையிலும் மாலையிலும், யாராவது ஒருவர் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அவனை மட்டும் பார்த்துக் கோடு போட்டு எண்ணட்டும். ஸ்பைக், பிளாக், ஜம்ப் சர்வீஸ், பயிற்சிக்காகச் செய்யும் வெறும் குதிப்பு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு ஸ்பைக்கர் பையனுக்குக் காலையில் 110, மாலையில் 130 வந்தது. ஒரு நாளைக்கு 240, ஆறு நாளில் 1,440. அதில் பாதிக்கு மேல் பந்தையே தொடாத குதிப்பு. தவளைத் தாவல், பெட்டிமேல் ஏறிக் குதிப்பது, வலையோரம் வெறுங்கையோடு பிளாக். ஆட்டத்திறமையில் கை வைக்காமலே சுமையைப் பாதியாக்கலாம் என்பதை அந்தத் தாளைப் பார்த்ததும் அவன் பயிற்சியாளரே சொன்னார்.

எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். இது வலி அன்றாட நடையைக் கெடுக்காத, வேறு கோளாறு இல்லை என்று எலும்பு மருத்துவர் பார்த்துச் சொன்ன பிள்ளைக்கு உரியது.

முதல் இரண்டு வாரம் குதிப்பு பூஜ்யம். கிளப்பையோ பள்ளியையோ ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். நின்றபடி சர்வீஸ், பாஸ், செட், கை வேகம், ஆட்டத்தைப் படிப்பது எல்லாம் செய்யலாம். ஆழமாக மடங்கிக் குந்துவது வேண்டாம். தொடைக்கு வலுவூட்ட, முதலில் அசைவில்லாத பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி உயரத்துக்கும் மேலேயே நின்றுகொண்டு, 30 விநாடி தாங்கிப் பிடிக்க வேண்டும். ஐந்து முறை, இடையிடையே ஒரு நிமிட ஓய்வு, தினமும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பதும் இதோடு சேரட்டும். வலி பத்துக்கு இரண்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் இன்னும் உயரமாக நிற்கட்டும். முன்தொடை இறுகியிருக்கிறது என்று குதிகாலைப் பின்புறத்துக்கு இழுத்துப் பிடித்து வலுக்கட்டாயமாக நீட்டாதீர்கள். வலிக்கும் காலத்தில் அந்த இழுப்பும் அதே குருத்தெலும்பில்தான் விழும். கெண்டைக்காலையும் பின்தொடையையும் மெதுவாக நீட்டலாம்.

மூன்றாவது, நான்காவது வாரம். நடப்பதும் படி ஏறுவதும் வலியில்லாமல் இருந்தால் மட்டும் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 25 குதிப்பு. எல்லாம் இரண்டு காலில் எம்பி இரண்டு காலில் இறங்குவது, முழங்கால் மடங்கி, சத்தமில்லாமல். மண் தரையில் செய்ய முடிந்தால் நல்லது, சிமெண்ட் தரையைத் தவிருங்கள். தொடைப்பயிற்சி இப்போது அசைவுள்ளதாக மாறும். அரைக் குந்தல், படியில் ஒற்றைக்காலால் ஏறி இறங்குவது. ஐந்தாவது, ஆறாவது வாரம் நாளுக்கு 45, அப்போதும் மூன்று நாள்தான். ஓடிவந்து அடிக்கும் ஸ்பைக் இங்கேதான் திரும்பி வரும். ஏழாவது வாரம் நாளுக்கு 60 முதல் 80. எட்டாவது வாரம் போட்டிக்கு முன் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் முடிவெடுப்பது மறுநாள் காலை. பயிற்சி முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உடம்பு சூடாக இருக்கும், அணியை விட்டுவிடும் பயமும் இருக்கும். மறுநாள் பல் துலக்கும் முன் ஒரு படியில் ஒற்றைக்காலில் நின்று மெதுவாக மடங்கி எழச் சொல்லிப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். இரண்டோ அதற்குக் கீழோ என்றால் அடுத்த படிக்குப் போகலாம். மூன்று, நான்கு என்றால் அதே அளவில் இன்னொரு வாரம். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு படி கீழே இறங்க வேண்டும், அதுவும் இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனால் இந்த எண் பொய்யாகிவிடும். ஆகவே பயிற்சிக்கு முன் மாத்திரை கூடாது. புடைப்பில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சில்லுக்குக் கீழே கட்டும் பட்டை சிலருக்கு வலியைக் குறைக்கும், வைத்துப் பார்க்கலாம். பட்டை கட்டியதால் எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது.

மாவட்டப் போட்டிக்கு அவன் தயாரா என்பதை இந்தக் கணக்கே சொல்லும். ஒரு நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் இருந்தால் ஸ்பைக்கருக்கு 80, 100 குதிப்பு எளிதாக ஆகிவிடும். ஏழாவது வாரத்தில் ஒரே நாளில் 80 குதித்து மறுநாள் காலை இரண்டுக்குள் இருந்தால் ஆடலாம். ஐந்தாவது வாரத்திலேயே நின்றுபோயிருந்தால் ஸ்பைக்கராக ஆடக்கூடாது. நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: எட்டு வாரத்தில் முழு ஆட்டத்துக்குத் திரும்பாத பிள்ளைகளே அதிகம். டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இதேபோல் படிப்படியான 12 வாரத் திட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள், ஆனால் அதற்குள் பழையபடி ஆடத் திரும்பியவர்கள் சிலரே. பெரும்பான்மையோர் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. போட்டிக்குள் சரியாகிவிடும் என்று மகனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அணியில் இடம் போய்விடும் என்ற கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தப் பருவம் அவனைச் செட்டராக, நின்றபடி செட் செய்பவனாக, ஆடவைக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் லிபரோவாக ஆடலாமே என்று பலர் சொல்வார்கள். லிபரோ பிளாக் செய்வதில்லை, ஸ்பைக்கும் அடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் முழு நேரமும் தாழ மடங்கியே நிற்க வேண்டும், பந்துக்குப் பாயும்போது முழங்கால்தான் முதலில் தரையில் மோதும். இந்தப் புடைப்புக்கு அது ஆகாது. அப்படியே ஆடினாலும் தடிமனான முழங்கால் உறை இல்லாமல் ஆடக்கூடாது.

உடற்கல்வி ஆசிரியரிடம் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தாமதமாக வந்தால் ஐம்பது தோப்புக்கரணம், சர்வீஸ் தவறினால் தவளைத் தாவல், பாடவேளையில் பேசினால் முட்டி போடு. இவை இன்றும் பல பள்ளிகளில் நடக்கின்றன. முட்டி போடும்போது அந்தக் குருத்தெலும்பின் மேலேயே பையனின் எடை உட்காருகிறது. வாத்து நடை, நண்பனை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறுவது இரண்டும் இதைப்போலத்தான். குதிப்பை 25 என்று எண்ணி வைத்துவிட்டு, தண்டனையாக ஐம்பது தவளைத் தாவல் போட்டால் எண்ணியதற்குப் பொருளே இல்லை. மருத்துவச் சீட்டு ஒன்றில் "குதித்தல், குந்துதல், முட்டியிடுதல் தவிர்க்க" என்று எழுதி வாங்கிக் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிட அது வேலை செய்யும்.

பயிற்சியாளர் இன்னொன்றும் கவனித்திருப்பார்: போன வருடம் சரியாக அடித்த பந்தை இப்போது தவறவிடுகிறான், காலடி குழம்புகிறது, மெதுவாகிவிட்டான். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பயிற்சி கொடுப்பது வழக்கம். கால் இவ்வளவு நீண்ட பிறகு உடம்பு தன் அளவையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் அது சரியாகிவிடும். திறமை குறைந்தது போலத் தோன்றும் இந்த மாதங்களில்தான் சுமையைக் கூட்டுகிறார்கள். இதைவிடத் தவறான நேரம் கிடையாது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை 6 மணிப் பயிற்சிக்கு 5 மணிக்கு எழுகிறான். மாலைப் பயிற்சி, டியூஷன், வீட்டுப்பாடம் முடிந்து எத்தனை மணிக்குப் படுக்கிறான்? 11 மணி என்றால் ஆறு மணி நேரம்தான் தூக்கம். அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். எட்டுக்குக் கீழே தூங்கும் இளம் வீரர்களுக்குக் காயம் கணிசமாக அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு பயிற்சிகளில் ஒன்றை விட வேண்டுமென்றால் காலைப் பயிற்சியை விடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காலைப் பயிற்சியை வைத்துக்கொள்வதானால் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழமும் பாலுமாவது போகட்டும். முடிந்தவுடன் வயிறு நிறைய டிபன்.

எந்தச் சூழ்நிலையில் இந்தத் திட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே எலும்பு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிக்கும்போது "டப்" என்று ஏதோ அறுந்ததுபோல் இருந்து காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால் அந்த ஒட்டுமிடமே பெயர்ந்திருக்கலாம்; அது அவசரம், அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதும் வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, வாரத்துக்கு வாரம் கூடும் வீக்கம், காய்ச்சல், எடை குறைவது இவற்றில் எது இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். முழங்காலை ஒட்டிய எலும்புக் கட்டிகளும் இதே வயதில்தான் வருகின்றன. அரிதுதான், ஆனால் விளையாட்டில் பட்ட அடி என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பிள்ளைகளுக்கு அது ஆபத்தாக முடிகிறது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நொண்டுகிற பிள்ளைக்கு, முழங்காலைத் தொட்டால் வலியே இல்லையென்றால், இடுப்பைப் பாருங்கள். தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் இந்த வயதில், குறிப்பாக உடல் பருமனுள்ள பிள்ளைகளுக்கு, முழங்கால் வலியாகவே வெளிப்படும். மல்லாந்து படுக்கவைத்துக் காலை மடக்கும்போது கால் தானாக வெளிப்புறம் திரும்பிக்கொண்டால் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அவர்களுக்கு வேக வளர்ச்சி ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடும். முதல் மாதவிடாய் வருவதற்குள் உச்சம் பெரும்பாலும் கடந்திருக்கும். பூப்பெய்திய பிறகுதான் கவனிக்க வேண்டும் என்று காத்திருந்தால் கவனிக்க வேண்டிய வருடம் போய்விட்டிருக்கும். மாதாந்திர உயர அளவீட்டை அவர்களுக்குப் பத்து வயதிலேயே தொடங்குங்கள்.

உங்கள் மகனுக்கு அடுத்தடுத்து எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் இந்த அளவீட்டிலேயே தெரியும். உடம்பு கீழிருந்து மேலாக வளர்கிறது. பாதம் முதலில், பிறகு கால், கடைசியாக உடற்பகுதி. அதனால்தான் சிறு வயதில் குதிகாலிலும், இப்போது முழங்காலிலும், 15, 16 வயதில் இடுப்பெலும்பிலும் முதுகிலும் தொல்லை வருகிறது. மாதம் ஒரு முறை உயரம் அளக்கும்போது ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து உட்கார்ந்த உயரத்தையும் அளந்து, ஸ்டூலின் உயரத்தைக் கழித்து எழுதிவையுங்கள். மொத்த உயரம் கூடுவது அப்படியே உட்கார்ந்த உயரத்திலும் தெரியத் தொடங்கினால் காலின் வளர்ச்சி அடங்கி உடற்பகுதி வளர்கிறது என்று பொருள். முழங்கால் வலி குறைவதும் ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான். புடைப்பு மட்டும் அப்படியே நின்றுவிடலாம். முட்டியிடும்போது உறுத்துமே தவிர வேறு கெடுதல் இல்லை, அதைக் கரைக்க எந்த எண்ணெயும் வேண்டாம்.

அந்தக் கட்டத்தில் எண்ண வேண்டியதும் மாறும். பின்னால் வளைந்து அடிக்கும் ஜம்ப் சர்வீஸும் ஸ்பைக்கும் அப்போது இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் சுமையை ஏற்றும். இடுப்புப் பட்டி கட்டும் இடத்தில், ஒரு பக்கமாக, பின்னால் வளையும்போது கூடும் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பின் பின்வளைவில் விழும் சுமை விரிசல் இளம் வீரர்களிடம் அடிக்கடி காணப்படுவது. முதலில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் மூன்று நான்கு மாத ஓய்வில் கூடிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.